நான்காவது தசமத்தின் கணக்கு

பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வில் என் பக்கத்து மேசைக்காரன் தன் விடையை 0.1012915 என்று எழுதினான். கால்குலேட்டர் காட்டியதை ஒன்று விடாமல் தாளில் இறக்கிவிட்டான். மேற்பார்வைக்கு வந்திருந்த ஆசிரியர் அந்த ஏழு இலக்கங்களையும் விரலால் தொட்டுக்கொண்டே போய் நான்காவதில் நிறுத்தி, "தம்பி, இதுக்கு மேல உன் பியூரெட்டுக்கே தெரியாதேப்பா" என்றார். நாங்கள் சிரித்தோம். ஆனால் "இதுக்கு மேல" என்பது எந்த இடத்தில் தொடங்குகிறது, ஏன் அங்கே தொடங்குகிறது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. பல வருடம் கழித்து ஓர் ஆய்வகத்தில் சம்பளத்துக்கு டைட்ரேஷன் செய்ய ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கேள்விக்கு ஒரு கணக்கே இருப்பது எனக்குத் தெரிந்தது.

அந்தப் பள்ளிப் பரிசோதனையையே எடுத்துக்கொள்வோம். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒன்று இருக்கிறது. அதன் செறிவு எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஆக்சாலிக் அமிலப் படிகத்தை 1.5762 கிராம் நிறுத்து, 250 மி.லி. திட்டக் குடுவையில் கரைத்து, கோடு வரை நீர் சேர்க்கிறோம். அதிலிருந்து பிப்பெட்டால் 20 மி.லி. எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, இரண்டு சொட்டு பினாப்தலீன் சேர்க்கிறோம். பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டு சொட்டாக இறக்கினால், வெளிர் ரோஸ் நிறம் வந்து நிலைக்கும் இடத்தில் வேலை முடிகிறது. மூன்று முறை செய்ததில் 19.74, 19.78, 19.73 மி.லி. வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 19.75. ஒரு மோல் ஆக்சாலிக் அமிலத்துக்கு இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும். படிகத்தின் மோலார் நிறை 126.06. கணக்குப் போட்டால் செறிவு லிட்டருக்கு 0.1013 மோல்.

இந்த எண்ணுக்குப் பின்னால் நான்கு கருவிகள் இருக்கின்றன: தராசு, திட்டக் குடுவை, பிப்பெட், பியூரெட். நான்கும் கொஞ்சம் கொஞ்சம் பொய் சொல்லும். எவ்வளவு வரை பொய் சொல்லலாம் என்பதைத் தயாரித்தவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பியூரெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மேல்பகுதியில் பொடி எழுத்தில் "A" என்றும் "±0.05" என்றும் அச்சாகியிருக்கும். 50 மி.லி. ஏ வகுப்பு பியூரெட்டுக்குச் சர்வதேசத் தரம் அனுமதிக்கும் பிழை அது. 20 மி.லி. பிப்பெட்டுக்கு ±0.03, 250 மி.லி. குடுவைக்கு ±0.15. பி வகுப்பு என்றால் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு. எழுத்தே இல்லாத கண்ணாடி என்றால் அது எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். பள்ளி ஆய்வகங்களில் பெரும்பாலும் நான் பார்த்தது அந்த ரகம்தான்.

±0.05 என்பதன் பொருளை முதலில் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பியூரெட் 20.00 என்று காட்டும்போது உண்மையில் இறங்கியது 19.95-க்கும் 20.05-க்கும் நடுவில் எங்கோ இருக்கும். எங்கே என்று அந்த அச்சு சொல்வதில்லை. நடுவில் இருக்கவும் ஓரத்தில் இருக்கவும் சம வாய்ப்பு என்றுதான் எடுத்துக்கொள்ள முடியும். அப்படிச் சமமாகப் பரந்து கிடக்கும் ஒரு வரம்பின் திட்ட விலக்கம், வரம்பின் பாதி அகலத்தை √3-ஆல் வகுத்தால் வரும். 0.05-ஐ 1.732-ஆல் வகுக்க 0.029 மி.லி. இதைத்தான் திட்ட நிச்சயமின்மை என்கிறார்கள். ஓரம் வரை போகலாம் என்பது உச்சம். சாதாரணமாக எவ்வளவு விலகும் என்பது இந்தச் சின்ன எண். எல்லாக் கருவிகளையும் இப்படி ஒரே மொழிக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒன்றோடொன்று சேர்க்க முடியும். இந்த முறையை உலகம் முழுக்க ஒரே மாதிரி ஆக்கிய வழிகாட்டி நூலைச் சர்வதேசத் தர அமைப்பு 1993-இல் வெளியிட்டது. அதற்கு முன் ஒவ்வொரு ஆய்வகமும் தன் இஷ்டத்துக்கு ஒரு ± போட்டுக்கொண்டிருந்தது.

பிப்பெட்டுக்கு இதே வகுத்தலில் 0.017 மி.லி. வருகிறது. குடுவைக்கு 0.087 மி.லி. தராசில் மட்டும் ஒரு சின்ன வளைவு இருக்கிறது. நான்கு தசமம் காட்டும் தராசின் கையேட்டில் ±0.2 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், √3-ஆல் வகுக்க 0.115 மில்லிகிராம். ஆனால் நாம் ஒருமுறை நிறுத்ததாக நினைத்தாலும் தராசு இரண்டு முறை வேலை செய்திருக்கிறது: வெறும் எடைப்புட்டிக்கு ஒன்று, படிகத்தோடு இன்னொன்று. 'டேர்' பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கினாலும் அதுவும் ஒரு நிறுத்தல்தான். ஆகவே 0.115 இரண்டு முறை வர வேண்டும்.

இரண்டு முறை என்றால் 0.23-ஆ? இல்லை. இந்தக் கணக்கின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஒரு நிறுத்தலில் தராசு கூட்டிக் காட்டினால் அடுத்ததிலும் கூட்டித்தான் காட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சில நேரம் இரண்டும் ஒரே பக்கம் சாயும், சில நேரம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். சம்பந்தமில்லாத இரண்டு விலகல்கள் சேரும் விதம், கிழக்கே மூன்று அடி நடந்து பிறகு வடக்கே நான்கு அடி நடப்பது போன்றது. நடந்தது ஏழு அடி, ஆனால் புறப்பட்ட இடத்திலிருந்து விலகியிருப்பது ஐந்து அடிதான். ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். தராசுக்கு அப்படிச் செய்தால் 0.163 மில்லிகிராம்.

பியூரெட்டிலும் தொடக்க அளவு, முடிவு அளவு என்று இரண்டு இருக்கிறதே, அதையும் இரட்டிக்க வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டாம். ±0.05 என்ற வரம்பு எந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே இறக்கினாலும் பொருந்தும்படிதான் தரத்தில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. இதை மறந்து இரட்டிப்பவர்கள் நிறையப் பேர். நானும் ஒரு வருடம் இரட்டித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து இந்த நான்கையும் சேர்க்க வேண்டும். மில்லிகிராமையும் மில்லிலிட்டரையும் நேராகக் கூட்ட முடியாது. ஆனால் செறிவைக் கண்டுபிடிக்கும் சூத்திரத்தில் எல்லாமே பெருக்கலும் வகுத்தலும்தான்:

```
c = 2 × m × Vp / (M × Vf × Vb)
```

m படிகத்தின் நிறை, M மோலார் நிறை, Vp பிப்பெட், Vf குடுவை, Vb பியூரெட். பெருக்கலும் வகுத்தலும் மட்டும் இருக்கும் இடத்தில் அலகு ஒரு தொல்லையே இல்லை. பிப்பெட் ஒரு சதவீதம் கூடுதலாக விட்டால் விடையும் ஒரு சதவீதம் நகரும். பியூரெட் ஒரு சதவீதம் தவறினால் விடை எதிர்ப்பக்கம் ஒரு சதவீதம் நகரும். ஆகவே ஒவ்வொரு கருவியின் நிச்சயமின்மையையும் அது அளந்த அளவில் எத்தனை சதவீதம் என்று பார்த்தால் போதும். தராசு: 1576.2 மில்லிகிராமில் 0.163, அதாவது 0.010 சதவீதம். குடுவை: 0.035. பிப்பெட்: 0.087. பியூரெட்: 19.75-இல் 0.029, அதாவது 0.146.

இன்னும் ஒன்று பாக்கி. மூன்று முறை செய்ததில் அளவு 19.73-லிருந்து 19.78 வரை ஆடியதே, அது யாருடைய கணக்கு? அது கையின் கணக்கு. ஒரு சொட்டே 0.05 மி.லி. இருக்கும், ரோஸ் நிறம் எந்த இடத்தில் வந்தது என்று கண் முடிவு செய்கிறது, பிப்பெட்டின் நுனியில் ஒட்டிய துளி ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மூன்று அளவுகளின் திட்ட விலக்கம் 0.026 மி.லி. சராசரியை எடுத்துக்கொண்டதால் அதை √3-ஆல் வகுக்க 0.015, சதவீதத்தில் 0.077. இந்த √3 மூன்று முறை செய்ததற்கு வருவது. முன்னால் வந்த √3-க்கும் இதற்கும் சொந்தமில்லை, எண் ஒன்றாக இருப்பது தற்செயல்.

ஐந்தையும் நேராகக் கூட்டினால் 0.36 சதவீதம் வரும். வர்க்கமாக்கிக் கூட்டி மூலம் எடுத்தால் 0.19 சதவீதம்தான். 0.1013-இல் இது 0.0002. உண்மையான மதிப்பு ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாய்ப்போடு உள்ளே இருக்கும்படி வரம்பு கொடுப்பது வழக்கம், அதற்காக இரண்டால் பெருக்குவார்கள். விடை: 0.1013 ± 0.0004. என் பக்கத்து மேசைக்காரனின் ஏழு இலக்கத்தில் நான்காவதே ஆட்டத்தில் இருக்கிறது. அந்த ஆசிரியர் விரலை நிறுத்திய இடம் சரி.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தது விடையல்ல, வர்க்கமாக்கியபோது நடப்பது. பெரியது இன்னும் பெரிதாகிறது, சிறியது காணாமல் போகிறது. மொத்த வர்க்கத்தில் பியூரெட்டின் பங்கு ஐம்பத்தொன்பது சதவீதம், பிப்பெட்டுக்கு இருபத்தொன்று, கைக்குப் பதினேழு, குடுவைக்கு மூன்று. தராசின் பங்கு அரை சதவீதம்கூட இல்லை. ஆய்வகத்தில் எல்லாரும் பயந்து பயந்து அணுகுவது தராசைத்தான். கண்ணாடிக் கதவை மூடு, மூச்சு விடாதே, மேசையில் சாயாதே. நியாயமான பயம்தான், ஆனால் அதற்குப் பதில் ஐந்து தசமத் தராசை லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கி வைத்தாலும் 0.1902 என்பது 0.1899 ஆகும், அவ்வளவே. பணம் போன இடத்தில் பிரச்சினை இல்லை.

தராசு எப்போதும் அப்பாவி என்று இதற்குப் பொருளல்ல. இதே 1.58 கிராமை இரண்டு தசமம் மட்டும் காட்டும் தராசில், ±0.01 கிராம் வரம்போடு நிறுத்தால் அதன் பங்கு 0.52 சதவீதமாக எகிறும். மொத்தம் 0.55. அப்போது ஏ வகுப்பு பியூரெட் வாங்குவதுதான் வீண்செலவு. ஆகவே குற்றவாளி இன்னார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அந்தந்தச் சோதனைக்குப் பட்டியல் போட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

நம் பட்டியலில் பிடிபட்டது பியூரெட். அதைச் சரிசெய்யப் பல பேர் முதலில் நினைப்பது இன்னும் பலமுறை டைட்ரேட் செய்யலாம் என்பது. மூன்றுக்குப் பதில் பத்து முறை செய்தால் கையின் ஆட்டம் குறையும், பியூரெட்டின் 0.146 அசையாது. ஒரே பியூரெட் தன் கோடு தப்பாக இருந்தால் பத்து முறையும் ஒரே பக்கம்தான் தப்பும். பள்ளியில் மூன்று அளவும் ஒத்துப்போக வேண்டும் என்று அத்தனை பாடுபடுவோம். அவை ஒத்துப்போவது நம் கை நிதானமாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி, பியூரெட் உண்மை பேசுகிறது என்பதற்கு அல்ல.

பலன் தரும் வழி வேறு. படிகத்தை இரண்டு மடங்கு, 3.15 கிராம் எடுத்துக் கரைத்தால், அதே 20 மி.லி. அமிலத்துக்கு 39.5 மி.லி. காரம் இறங்கும். பியூரெட்டின் 0.029 மி.லி. அப்படியே இருக்கிறது, ஆனால் இப்போது அது 39.5-இல் 0.029. பங்கு பாதியாகி 0.073. மொத்தம் 0.19-லிருந்து 0.125-க்கு இறங்கிவிடும். கூடுதல் செலவு ஒன்றரை கிராம் அமிலம். பேராசைப்பட்டு மூன்று மடங்கு எடுத்தால் 50-ஐத் தாண்டி பியூரெட்டை நடுவில் நிரப்ப வேண்டிவரும். அப்போது அந்த ±0.05 இரண்டு முறை வரும்.

வெப்பநிலையை இதுவரை பேசவில்லை. கண்ணாடியில் 20°C என்று அச்சாகியிருக்கும். வெப்ப நாடுகளுக்கு 27°C என்று அச்சிடவும் தரம் இடம்கொடுக்கிறது, நம் ஊர்ச் சாமான்களில் அதைப் பார்க்கலாம். நீர் 20-லிருந்து 30 டிகிரிக்குப் போனால் 0.26 சதவீதம் விரிகிறது. நாம் பாடுபட்டுக் கண்டுபிடித்த 0.19-ஐ விட அது பெரிது. நல்லவேளையாகச் சூத்திரத்தில் பிப்பெட் மேலேயும் குடுவை கீழேயும் இருக்கின்றன. இரண்டிலும் இருப்பது ஒரே அமிலம், ஒரே சூடு என்றால் விரிவு அடிபட்டுப் போகும். ஏ.சி. அறையில் குடுவையில் கரைத்து, மறுநாள் மத்தியானம் விசிறி மட்டும் உள்ள அறையில் பிப்பெட்டால் எடுப்பவர் அந்தச் சலுகையை இழக்கிறார். இதை வர்க்கமாக்கிச் சேர்ப்பதும் சரியல்ல. பக்கம் தெரிந்த பிழையைத் திருத்த வேண்டும், ± என்று போட்டு மூடக் கூடாது.

அப்படி மூட முடியாத இன்னொன்று சீசாவில் இருக்கிறது. அமிலத்தின் சீட்டில் "குறைந்தது 99.5 சதவீதம்" என்று இருந்தால் உண்மை 99.5-க்கும் 100-க்கும் நடுவில் எங்கோ. பாதி அகலம் 0.25, √3-ஆல் வகுக்க 0.144. பியூரெட்டுக்குச் சமமான இன்னொரு குற்றவாளி! மொத்தம் 0.24 ஆகிவிடும். போதாததற்கு ஆக்சாலிக் அமிலப் படிகம் தனக்குள் நீரை வைத்திருப்பது. உலர்ந்த காற்றில் திறந்து கிடந்தால் அந்த நீரில் கொஞ்சம் பறந்துவிடும். அப்போது ஒரு கிராமில் நாம் நினைப்பதைவிட அமிலம் அதிகம், காரம் அதிகமாக இறங்கும், செறிவு உண்மையைவிடக் குறைவாக வரும். மேலே போட்ட எந்தக் கணக்கும் இதைக் காட்டிக்கொடுக்காது. படிகம் பளபளப்பு இழந்து மாவு பூத்ததுபோல் இருந்தால் சந்தேகப்படலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் படிக நீரே இல்லாத பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை நிறுத்து அதே காரத்தை மறுபடி சோதிக்க வேண்டும். துல்லியம் கேட்கும் ஆய்வகங்கள் முதலிலேயே அதைத்தான் எடுக்கின்றன. பியூரெட் நுனியில் சிக்கிய காற்றுக் குமிழும் இதே ஜாதி. நடுவில் அது வெளியேறினால் அதன் இடத்தைக் காரம் நிரப்பும், அந்த அளவும் இறங்கியதாகக் கணக்கில் ஏறும். என் முதல் வேலையில் ஒரு காலைப்பொழுது முழுக்க அப்படிப் போயிற்று. முதல் அளவு மட்டும் எப்போதும் கூடுதலாக வந்ததை வைத்துத்தான் பிடித்தேன்.

சரி, பியூரெட்டை மாற்றாமலே அதன் பொய்யை அளந்துவிட முடியாதா? முடியும், தண்ணீர் போதும். ஆய்வகத்திலேயே சில மணி நேரம் வைத்து அறைச் சூட்டுக்கு வந்த வாலைவடி நீரைப் பியூரெட்டில் நிரப்பி, 20.00 வரை இறக்கி, மூடியுள்ள புட்டியில் பிடித்து நிறுக்க வேண்டும். 30 டிகிரியில், காற்றின் தூக்கலையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கிராம் நீர் 1.0054 மி.லி. தராசு 19.862 கிராம் காட்டினால் இறங்கியது 19.97 மி.லி. அதாவது இந்தப் பியூரெட் 20 மி.லி. அருகே 0.03 மி.லி. கூட்டிச் சொல்கிறது. நாலைந்து முறை நிறுத்துப் பார்த்து இந்தத் திருத்தத்தை 0.01 மி.லி.-க்குள் நிலைநிறுத்தலாம். இங்கே சுமார் 20 கிராமை மில்லிகிராம் வரை சொல்லும் தராசுதான் சாட்சி. யாருக்குப் பங்கே இல்லை என்று சொன்னோமோ அவரே வந்து பியூரெட்டைத் திருத்துகிறார்.

இனி 19.75 என்பதை 19.72 என்று எடுத்துக்கொண்டு பழைய கணக்கைத் திரும்பப் போட்டால் செறிவு 0.1014. பியூரெட்டின் பங்கு 0.146-லிருந்து 0.05 ஆகிவிட்டது, சீசாவை ஒதுக்கிவைத்துக் கண்ணாடியும் கையும் தராசும் மட்டும் பார்த்தால் மொத்தம் 0.13 சதவீதம். 0.1014 ± 0.0003. முன்பு வந்த 0.1013 ± 0.0004-இன் எல்லைக்குள்ளேதான் புது விடையும் விழுந்திருக்கிறது. இப்போது பட்டியலில் முதலிடத்தில் நிற்பது 0.087 சதவீதத்தோடு பிப்பெட். புட்டியைத் துடைத்து, அடுத்து அதை நிறுக்க வேண்டும்.